பழைய பட்ச் குழுவை மூடப்போகிறீர்களா? முதலில் தேடுங்கள், பிறகு பூட்டுங்கள்

களுவாஞ்சிக்குடிப் பக்கப் பாடசாலையொன்றின் 2011 ஓ.எல் பட்ச் பேஸ்புக் குழு என்று வைத்துக்கொள்வோம். அறுநூறு சொச்சம் பேர், தொடக்கத்திலிருந்தே Public. இப்போது அதில் வருவதெல்லாம் கடன் விளம்பரமும் கண்டகண்ட லிங்கும்தான். "டிலீட் பண்ணிவிடுவோம்" என்பதுதான் அட்மின்களுக்கு முதலில் தோன்றும்.

குழுவை அழிக்க ஒவ்வொருவராக நீக்கி, கடைசியில் அட்மினும் விலக வேண்டும். நூறு பேரை நீக்கியதும் அலுத்துப்போய் அட்மின் விலகிவிட்டால், குழு கேட்பாரில்லாமல் கிடக்கும். உள்ளே மிஞ்சியிருக்கும் யாராவது அட்மின் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம், போலிக் கணக்குக்காரர் உட்பட. முழுதாக அழித்தாலோ திரும்பப் பெற வழியில்லை. Download your information மூலம் அட்மின் எடுக்கக்கூடியது தான் போட்ட பதிவுகளைத்தான். காலமான நண்பர் ஏற்றிய வகுப்புப் படம் அத்தோடு போய்விடும்.

ஆகவே இத்தகைய குழுவுக்கு நாம் சொல்வது: Private ஆக்கி, பிறகு நிறுத்தி வைப்பது. முன்பு Archive என்றிருந்ததன் இடத்தில் இப்போது Pause group இருக்கிறது. நிறுத்தினால் பழையதைப் பார்க்கலாம். உறுப்பினர்கள் புதிதாக எழுத முடியாது.

ஆனால் Private ஆக்குவது வெளியாட்களைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் போலிக் கணக்குக்கு எல்லாம் முன்போலவே தெரியும். அதனால் துப்புரவு முதலில் வர வேண்டும். உறுப்பினர் பட்டியலில் பட்சில் யாருக்கும் தெரியாத பெயர்களை நீக்குங்கள். அடுத்து, தொலைபேசி இலக்கங்களைக் கண்டுபிடிக்க குழுவின் தேடல் பெட்டியில் 077, 065, 067 என்று ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். "கணக்கு இலக்கம்", "அடையாள அட்டை" என்றும் தேடுங்கள். வெள்ள நிவாரணத்துக்கும் புலமைப்பரிசில் உதவிக்கும் போட்ட பழைய பதிவுகள் இப்படி அகப்படலாம், அகப்பட்டால் நீக்கிவிடுங்கள். வங்கிப் புத்தகத்தையோ பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலையோ போட்டோ எடுத்துப் போட்டிருந்தால் தேடலை நம்ப முடியாது. படங்கள் பகுதியைக் கண்ணால்தான் பார்த்துப் போக வேண்டும். சலிப்பான வேலை, இரண்டு பேர் பிரித்துச் செய்யலாம்.

இதற்கிடையில் ஒரு மாத அவகாசம் கொடுத்து அறிவித்தலைப் போட்டு குழுவின் மேலே Pin செய்துவிடுங்கள். கட்டாரிலும் கனடாவிலும் இருப்பவர்கள் பேஸ்புக் பக்கமே வராமல் இருக்கலாம், வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். வேண்டிய படங்களை அவரவர் இறக்கிக்கொள்ளட்டும். யாராவது தன் படத்தை எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

மாதம் முடிந்ததும் Private, அதோடு தேடலில் அகப்படாதபடி Hidden. கடைசியாக Pause. குழுவில் இல்லாத ஒருவரின் போனில் பழைய லிங்கைத் திறந்து பாருங்கள். பதிவு தெரிந்தால் அமைப்பு மாறவில்லை. வெளியே ஏற்கெனவே பிரதி எடுத்துப் போட்டவை இதனால் மறையாது, அதைப் போட்டவரிடம்தான் கேட்க வேண்டும்.

நிறுத்திய பிறகும் இரண்டு அட்மின்களாவது இருக்கட்டும். இருவரும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியிருக்க வேண்டும். ஒரே அட்மினின் கணக்கு களவுபோனால், நிறுத்திய குழுவைத் திறந்து பெயரை மாற்றி விற்பனைப் பக்கமாக்க அதிக நேரம் எடுக்காது.