இன்லேண்ட் லெட்டரை ஸ்கேன் செய்யும்போது முத்திரை அழிந்துவிடாமல்

சென்ற மாதம் ஓர் அம்மா, தன் அப்பா எழுதிய கடிதங்களைப் போனிலேயே ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டு எங்கள் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார். எல்லாம் இன்லேண்ட் லெட்டர்கள். தேதி வரிசையில் புத்தகமாக்கித் தரவேண்டும். ஆனால் பாதிக் கடிதங்களில் தேதியே இல்லை.

“அப்பா உள்ளே தேதி போடமாட்டார் தம்பி. மேலே தபால் முத்திரை இருக்குமே?” என்றார். ஸ்கேனில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

ஸ்கேன் ஆப்பை ரசீது, சான்றிதழ் போன்றவற்றுக்காகவே செய்திருக்கிறார்கள். எது எழுத்து, எது காகிதம் என்று அது தானே முடிவுசெய்து, காகிதம் என்று பட்டதையெல்லாம் வெளுத்துவிடும். மங்கிய முத்திரை, ஓரத்தில் பென்சிலில் எழுதிய ஒரு வரி, இன்லேண்டின் வெளிர்நீலம் எல்லாம் அதற்கு அழுக்கு. நல்லவேளையாக அந்த அம்மா அசல் கடிதங்களைத் தூக்கிப்போடவில்லை. மறுபடி எடுத்தோம்.

ஆப்பில் ஃபில்டர் இல்லாத வண்ணப் படமாக எடுங்கள். அந்த வசதி தெரியவில்லையா, சாதாரண கேமராவே போதும். நேர் வெயில் விழாத ஜன்னலோரம் மேசையைப் போட்டு, ஃபிளாஷை அணைத்து, கடிதத்தின் அடியில் கறுப்புத் துணி விரியுங்கள். போன் கடிதத்துக்கு இணையாக இருக்கவேண்டும். சாய்ந்தால் ஒரு ஓரத்து எழுத்து மட்டும் சிறுத்துத் தெரியும். உள்பக்கம், முகவரிப் பக்கம், மடிக்கும் நாக்கு எதையும் விடாதீர்கள். இடம் போதாமல் நாக்கில்தான் பலர் கடைசி வரிகளை எழுதியிருப்பார்கள். எடுத்ததும் முத்திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அனுப்பிய ஊர் முத்திரை கலைந்திருந்தாலும், வந்து சேர்ந்த ஊர் முத்திரை சில சமயம் தெளிவாக இருக்கும்.

திருத்தம் எல்லாம் நகலில்தான். மஞ்சளேறிய தாளில் நீல மை மங்கியிருந்தால், Snapseed என்ற படத்திருத்த ஆப்பில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, சிவப்பு ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள். தாள் வெளுக்கும், நீல எழுத்து கறுத்து எழும். நீல இன்லேண்டில் இந்த அளவுக்கு வராது; தாளும் கொஞ்சம் கறுக்கும். மை முழுதாகப் போய்விட்ட இடத்தில் எதுவும் செய்யமுடியாது. அங்கே ஊகித்து எழுத்தை வரைந்து நிரப்பாதீர்கள்.

சரி, குடும்பத்தாருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் சுருங்கி, முத்திரையின் சின்ன எண்கள் குழம்பிவிடும்.

மறுபடி எடுத்த ஒரு படத்தில் 14, 3, 74 என்ற எண்கள் தெரிந்தன. கோப்புக்கு `1974-03-14_appa_1.jpg` என்று பெயர் வைத்தோம். இப்படி வருடத்தை முன்னால் வைத்தால், கோப்புகளைப் பெயர்வாரியாக அடுக்கும்போது போனிலும் கணினியிலும் தேதி வரிசை தானாகவே வந்துவிடும். அந்த அம்மா திரையை நெருங்கிப் பார்த்துவிட்டு, “நான் எட்டாவது படிக்கும்போது வந்தது” என்றார்.