11 பக்கம் வந்தது, முகவரி வரவில்லை

மாவட்ட நோய்க் கண்காணிப்பில் வேலை பார்க்கிறேன். மழை தொடங்கினால் என் போன் கீழே வைக்க நேரமில்லாமல் அடிக்கும். அது பழகிப்போனது. பழகாதது ஒன்றுதான். டெங்கு நோயாளி ஒருவரைப் பற்றித் தகவல் கொடுங்கள் என்றால், சில மருத்துவமனைகள் ஒரு வரி அனுப்புகின்றன, சில மருத்துவமனைகள் முழு ஃபைலையே ஸ்கேன் செய்து அனுப்புகின்றன. இரண்டிலும் எனக்கு வேண்டியது இருப்பதில்லை. போன சீசனில் வந்த ஒரு கேஸுக்குப் பிறகு, மருத்துவமனைகளில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

24 வயதுப் பையன். ஒரு புதன்கிழமை மதியம் தனியார் மருத்துவமனை ஒன்றிலிருந்து 11 பக்க பி.டி.எஃப். வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனைகள், ஆதார் நகல், இன்சூரன்ஸ் படிவம், கட்டண ரசீது என எல்லாம் இருந்தது. ஆதாரில் உள்ள தெருவுக்கு எங்கள் சுகாதார ஆய்வாளர் அன்று மாலையே ஆட்களோடு போய்ப் புகை மருந்து அடித்தார், தொட்டிகளைப் பார்த்தார். நோயாளியின் வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. அது பாட்டி வீடாம், குடும்பம் புது காலனிக்குப் போய் நாலைந்து வருஷம் ஆகிறதாம். ஃபைலில் இருந்த போன் நம்பரை அழைத்தால் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்ட்டர் எடுத்தது.

வியாழக்கிழமை கிராம சுகாதார செவிலியர் புது காலனியில் அம்மாவைக் கண்டுபிடித்தார். அம்மா சொன்னார்: “அவன் திருப்பூர்லதானம்மா இருக்கான், பனியன் கம்பெனில. காய்ச்சலோடதான் வந்து எறங்குனான்.”

11 பக்கத்தில் திருப்பூர் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

இப்போது நாட்களை எண்ணிப் பாருங்கள். பையனுக்குத் திங்கள் இரவு காய்ச்சல் ஆரம்பம். செவ்வாய் முழுக்க, நாலு பேர் தங்கும் லைன் வீட்டில் படுத்துக் கிடந்தான். புதன் பஸ் ஏறி ஊருக்கு வந்தான், வியாழன் வீட்டில் இருந்தான், வெள்ளி மருத்துவமனையில் சேர்ந்தான். அன்றே, சில நிமிடங்களில் முடிவு சொல்லும் கார்டு டெஸ்டில், டெங்கு வைரஸின் புரதமான என்.எஸ்.1 பாசிட்டிவ். ஆனால் எங்களுக்குத் தகவல் வந்தது அடுத்த புதன். ஏன் என்று கேட்டேன். “எலிசா ரிசல்ட் வரட்டும்னு இருந்தோம் டாக்டர், கன்ஃபர்ம் ஆகாம எப்படி அனுப்பறது?”

எனக்கு அதிகம் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தகவல் கொடுப்பது என்பது தீர்ப்பு எழுதுவது அல்ல. நோய்த் தகவல்களைப் பதியும் அரசின் ஐ.எச்.ஐ.பி. தளத்தில் பி படிவம், எல் படிவம் என்று இரண்டு தனித்தனியாக இருக்கின்றன. பி படிவம் மருத்துவர் சந்தேகத்தின் பேரில் போடுவது. எல் படிவம் ஆய்வகம் உறுதி செய்த பிறகு போடுவது. உறுதியான பிறகுதான் சொல்ல வேண்டும் என்றால் பி படிவத்துக்கு வேலையே இல்லை. கார்டு டெஸ்டை உறுதியான டெங்கு என்று தேசியத் திட்டம் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, அது உண்மை. ஆய்வகத்தில் செய்யும் எலிசா பரிசோதனைதான் கணக்கு. ஆனால் எண்ணிக்கையில் சேராது என்பதற்கும் சொல்ல வேண்டியதில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. எலிசா பார்ப்பது, கணக்கில் ஏற்றுவது, பிறகு இல்லை என்று தெரிந்தால் நீக்குவது எல்லாம் எங்கள் வேலை. நீங்கள் சந்தேகப்பட்ட அன்றே சொல்லுங்கள். பின்னால் அது டெங்கு இல்லை என்று ஆகிவிட்டால் உங்களை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

(கேட்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். “டெங்குன்னு போடாதீங்க டாக்டர், வைரல் ஃபீவர்னு போடுங்க” என்று எங்கள் பக்கத்து ஆட்களே சொல்லிய கதைகள் உண்டு. அது தப்பு. அப்படி யாராவது சொன்னால் அதற்கு மேலுள்ளவரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.)

வெள்ளியிலிருந்து அடுத்த புதன் வரை போன அந்த ஐந்து நாள் ஏன் முக்கியம்? செவ்வாய்க்கிழமை பகலில் அவனைக் கடித்த கொசு அன்றே யாருக்கும் டெங்கு தராது. வைரஸ் அதன் உடம்புக்குள் பெருகி எச்சில் சுரப்பிக்கு வர சுமார் 8 முதல் 12 நாள் பிடிக்கும். அதாவது அடுத்த புதனிலிருந்துதான் அது ஆபத்து. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் திருப்பூர் ஆட்களுக்கு அந்த லைன் வீட்டில் கொசுவை ஒழிக்க ஐந்து நாள் கையில் இருந்திருக்கும். நாங்கள் அவர்களுக்குப் போன் செய்தது வியாழக்கிழமை. அதற்கடுத்த வாரம் அதே வரிசையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. அவனைக் கடித்த கொசுதான் அவர்களையும் கடித்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதைத் தடுக்கக் கிடைத்த வாய்ப்பு ஸ்கேன் மெஷினிலேயே போய்விட்டது. ஊர் வீட்டுக் கணக்கில் கொஞ்சம் அதிர்ஷ்டம். அங்கே அவன் இருந்தது புதன் இரவிலிருந்து வெள்ளி வரை, ஆக நாங்கள் புது காலனிக்குப் போனபோது ஏறக்குறைய ஒரு நாள் மிச்சம் இருந்தது.

இதிலிருந்தே எனக்கு என்ன தகவல் வேண்டும் என்பது புரியும். பெயர், வயது, ஆணா பெண்ணா. நோயாளியோ வீட்டாரோ எடுக்கும் போன் நம்பர். காய்ச்சல் தொடங்கிய தேதி. மருத்துவமனையில் சேர்ந்த தேதி அல்ல, அதைத் தொடங்கிய தேதிக் கட்டத்தில் போடாதீர்கள். கடிபட்டு 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும் என்று பின்னோக்கி எண்ணித்தான் எங்கே தொற்றியிருக்கும் என்று தேடுகிறோம். நாலு நாள் தள்ளிப் போட்டால் தேடும் ஊரே மாறிவிடலாம். டெஸ்ட் முடிவைப் படிக்கவும் அந்தத் தேதி வேண்டும். முதல் ஐந்து நாளுக்கு என்.எஸ்.1, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம்., இது உங்களுக்கே தெரியும்.

அப்புறம் முகவரி. கடந்த இரண்டு வாரம் எங்கே தூங்கினார், பகலில் எங்கே இருந்தார், காய்ச்சல் வந்த பிறகு எங்கெங்கே போனார். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதனால் வேலை செய்யும் இடமும் பள்ளிக்கூடமும் வீட்டுக்குச் சமம். அது தானாகப் பறப்பது சில நூறு மீட்டருக்குள்தான். எனவே ஊர் பெயர் மட்டும் போதாது. கதவு எண்ணைவிட “மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால், தண்ணித் தொட்டியை ஒட்டின லைன் வீடு” என்பது எங்கள் ஆளுக்கு நூறு மடங்கு உபயோகம். கடைசியாக, எந்த டெஸ்ட், எந்தத் தேதி, என்ன முடிவு, இப்போது நோயாளி எங்கே, எப்படி இருக்கிறார், தகவல் தருபவர் யார். அவ்வளவுதான். ஒரு கைப்பேசித் திரைக்குள் அடங்கும்.

சரி, மீதிப் பக்கங்கள் வந்தால் என்ன நஷ்டம்? கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். அந்த 11 பக்கத்தை யாரோ அப்படியே ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். ஆய்வாளர்கள், கொசு ஒழிப்புப் பணியாளர்கள், மேஸ்திரிகள் எல்லாரும் இருக்கும் குழு. அந்தப் பக்கங்களில் பையனின் சாதி இருந்தது, குடிப்பழக்கம் பற்றி ஒரு வரி இருந்தது, வழக்கமாக எடுக்கும் ஹெச்.ஐ.வி. பரிசோதனை முடிவும் இருந்தது. முடிவு நெகட்டிவ். ஆனாலும் நாலு நாளில் காலனியில் கேள்வி வந்துவிட்டது: “அவனுக்கு எதுக்கு அந்த டெஸ்ட் எடுத்தாங்க?” அம்மா செவிலியரிடம் அழுதார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நாங்கள் கதவைத் தட்டினால் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஹெச்.ஐ.வி. நிலையைச் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு சட்டமே இருக்கிறது. டெங்குவுக்காக அந்தப் பக்கத்தை அனுப்ப உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. தப்பில் எங்கள் பங்கும் பெரியது, குழுவில் போட்டது எங்கள் ஆள். அந்தக் குழுவில் இப்போது “இந்தத் தெரு, இத்தனாவது வீடு, வேலை தொடங்கவும்” என்பது மட்டும்தான் போகிறது, நோயாளி பெயர் போவதில்லை.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுபவர்களும் உண்டு. ஒரு கிளினிக் “ஆண், 31, டெங்கு, 1 கேஸ்” என்று அனுப்பியது. பெயர் கேட்டால், நோயாளியின் ரகசியம் என்றார்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளே, ரகசியம் காக்கச் சொல்லும் அதே இடத்தில், அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் என்றால் பொதுச் சுகாதார அதிகாரிக்கு உடனே தெரிவிக்கச் சொல்கின்றன. பெயரில்லாத ஆளின் வீட்டு வாசலில் நான் எப்படிப் போய் நிற்பது?

எது தேவை, எது தேவையில்லை என்பது நோய்க்கு நோய் மாறும். காசநோயாளியை நிக்ஷய் தளத்தில் பதியும்போது வங்கிக் கணக்கு கேட்கிறோம், ஏனென்றால் சத்துணவுக்கான உதவித்தொகை அதில் போகிறது. டெங்கு நோயாளியின் வங்கிக் கணக்கை வைத்து நான் என்ன செய்ய? காலரா சந்தேகம் என்றால் படிவத்துக்கு முன் போன் செய்யுங்கள், எங்கே தண்ணீர் குடித்தார் என்று முதலில் சொல்லுங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை வைத்துக்கொண்டு யார் எங்கே போகப் போகிறார்கள்? பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

நோயாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அட்மிஷன் கவுன்ட்டரில் ஆதாரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். “இது பழைய அட்ரஸ், நான் தங்கறது இங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் அழைத்தால் லோன் கம்பெனி என்று நினைத்து வெட்டாதீர்கள்.

அந்த மருத்துவமனைக்கு நேரில் போய் அட்மிஷன் கவுன்ட்டரில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதை ஒரு அரைத்தாளில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து அங்கிருந்து ஒரு தகவல் வந்தது. காய்ச்சலின் மூன்றாம் நாளே, ஒரே திரையில். தங்குமிடம், வேலையிடம், அடையாளம், தேதி எல்லாம் கச்சிதம். ஆதார் இல்லை, ரசீது இல்லை. சந்தோஷமாகப் போனை எடுத்து அழைத்தேன். நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது.