ஒரே கோடு, மூன்று பொறிகள்

செஸ்ஸில் 'பின்', 'ஸ்கூவர்', 'டிஸ்கவர்டு அட்டாக்' என்ற மூன்று பொறிகளுக்கும் அமைப்பு ஒன்றுதான்: ஒரு நேர்க்கோட்டில் மூன்று காய்கள். ஒரு முனையில் ராணி, யானை, மந்திரி இவற்றில் ஒன்று இருக்கும். நடுவில் நிற்பது யாருடைய காய், எவ்வளவு மதிப்புள்ளது என்பதை வைத்துத்தான் பெயர் மாறுகிறது.

நடுவில் எதிரியின் சிறிய காய், அதன் பின்னால் பெரிய காய் என்றால் பின். பெரியது முன்னால், சிறியது பின்னால் என்றால் ஸ்கூவர். நடுவில் நிற்பது நம் காயே என்றால், அது நகர்ந்ததும் பின்னாலிருந்து பாய்வது டிஸ்கவர்டு அட்டாக்.

ஒரே கோடு இரு தரப்புக்கும் வெவ்வேறாகத் தெரியலாம். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் ஆட்டக்காரர் லீகாலின் பெயரில் ஒரு பொறி உண்டு:

`1.e4 e5 2.Nf3 d6 3.Bc4 Bg4 4.Nc3 g6`

கறுப்பு மந்திரி g4-இல், வெள்ளைக் குதிரை f3-இல், வெள்ளை ராணி d1-இல். கறுப்புக்கு இது பின்: குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும். அதே கோட்டை d1-இலிருந்து பாருங்கள். குதிரை விலகினால் ராணி g4 மந்திரியைத் தாக்கும். அதாவது வெள்ளைக்கு இது தயாராக இருக்கும் டிஸ்கவர்டு அட்டாக். ஆகவே `5.Nxe5`! கறுப்பு ஆசைப்பட்டு ராணியை வெட்டினால் `5...Bxd1 6.Bxf7+ Ke7 7.Nd5#`, ஆட்டம் முடிந்தது. குதிரையை வெட்டினால் `5...dxe5 6.Qxg4`, வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம்.

ஆனால் g6-க்குப் பதில் கறுப்பு `4...Nc6` ஆடியிருந்தால் இது பலிக்காது. அந்தக் குதிரை e5-இல் வெட்டி, அங்கிருந்தே g4 மந்திரியையும் காக்கும். வெள்ளைக்கு ஒரு குதிரை நஷ்டம். பின்னால் நிற்பது ராஜாவாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, நடுக்காய் கோட்டை விட்டு விலக விதியே அனுமதிக்காது.

பின்னையும் ஸ்கூவரையும் கண்டுபிடிக்க, நம் ராணி, யானை, மந்திரி ஒவ்வொன்றின் கோட்டையும் முதல் காயோடு நிறுத்தாமல் அதைத் தாண்டி நீட்டிப் பார்க்க வேண்டும். அந்த முதல் காய் நம்முடையது என்றால், 'இது எங்கே போனால் செக் விழும்?' என்று கேளுங்கள். செக்கோடு விலகினால், எதிரி அதைக் கவனிப்பதற்குள் பின்னாலிருக்கும் தாக்குதல் தன் வேலையை முடித்துவிடும்.

ஸ்கூவரில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள், ஏனென்றால் அந்தக் கோடு பெரும்பாலும் பலகையில் இன்னும் உருவாகியிருக்காது. யானை முடிவாட்டம் ஒன்று: வெள்ளைச் சிப்பாய் a7-இல், அதன் யானை a8-இல், கறுப்பு ராஜா f7-இல், கறுப்பு யானை a2-இல். வெள்ளை `Rh8` ஆடுகிறது. அடுத்து சிப்பாய் ராணியாகிவிடும் என்பதால் கறுப்பு `Rxa7` ஆடியே ஆக வேண்டும். இப்போது ராஜாவும் யானையும் ஏழாம் வரிசையில். `Rh7+`, ராஜா நகர்கிறது, a7 யானை போகிறது. இதே நிலையில் ராஜா g7-இல் இருந்திருந்தால் h8-க்கு யானை போகவே முடியாது, ராஜாவே வெட்டிவிடும்.