ரம்மிக் கணக்கு பறிபோனால், கடவுச்சொல்லை முதலில் மாற்றாதீர்கள்

பணம் கட்டி ஆடும் செயலியிலோ பந்தயத் தளத்திலோ உள்ள தம் கணக்கில் யாரோ புகுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்ததும், பெரும்பாலானவர்கள் கையிலிருக்கும் அதே கைப்பேசியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மதுரையில் இணையக் குற்றப் புகார் கொடுப்பவர்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்வது என் வேலை. அந்த நிம்மதியில் இருக்கும்போதே இரண்டாம் முறையும் பறிகொடுத்தவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. இந்தியச் செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. பலர் செயலியை அழித்துவிட்டு அத்தோடு மறந்துபோனார்கள். ஆனால் செயலியை அழித்தால் கணக்கு அழிவதில்லை. எடுக்காமல் விட்ட மீதிப் பணம் அதில் இருக்கலாம். பான் எண், ஆதார் விவரம், வங்கிக் கணக்கு, செல்பி எல்லாம் அங்கே பதிவாகி இருக்கின்றன. திருடுபவனுக்கு மீதிப் பணத்தைவிட இந்தப் பதிவுகளே அதிகம் பயன்படும்.

திருமங்கலம் பக்கத்துச் சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வண்டிக்குப் போக்குவரத்து அபராதம் விதிக்கப்பட்டிருப்பதாக ஒரு மாலையில் அவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கூடவே ஒரு கோப்பு, அதன் பெயர் .apk என்று முடிந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு அப்படித்தான் முடியும். அபராதச் சீட்டு என்று நினைத்து அதை நிறுவினார். குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்டது, கொடுத்தார். திரையில் எதுவும் வரவில்லை; செயலியின் படமும் காணாமல் போனது. ஏதோ பழுது என்று விட்டுவிட்டார்.

அன்று நள்ளிரவு 1.40க்கு அவருடைய பழைய ரம்மி செயலியிலிருந்து ஒரு ஓ.டி.பி. வந்திருக்கிறது. அவர் உறக்கத்தில் இருந்தார். கைப்பேசிக்குள் இருந்த கள்ளச் செயலி அந்த எண்ணைத் திருடனுக்கு அனுப்பியது. 1.52க்குக் கணக்கின் மின்னஞ்சல் முகவரி மாறியது. அடுத்துப் புதிதாக ஒரு வங்கிக் கணக்கு சேர்க்கப்பட்டது. கணக்கு உரிமையாளரின் பெயர் பொருந்துகிறதா என்று அந்தச் செயலி பார்க்கவில்லை. 2.05க்கு மீதியிருந்த 8,400 ரூபாய் வெளியேறியது.

காலையில் செய்திகளைப் பார்த்து அதிர்ந்தவர், உடனே தன் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினார். மாற்றியது அதே கைப்பேசியில். மின்னஞ்சலை மீட்பதற்கான குறுஞ்செய்தியும் அதே கைப்பேசிக்குத்தான் வரும். மதியத்துக்குள் மின்னஞ்சலும் அவர் கையைவிட்டுப் போனது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கைப்பேசி எண்ணைக் கொடுத்து, ஓ.டி.பி.யைப் போட்டால் உள்ளே விடும் செயலியில் இரண்டு பூட்டுகள் இருப்பதாக நம்புகிறோம். உண்மையில் அங்கே இருப்பது ஒன்றுதான். கடவுச்சொல் கேட்ட பிறகு ஓ.டி.பி.யும் கேட்டால்தான் அது இரட்டைச் சரிபார்ப்பு. ஓ.டி.பி. மட்டும் கேட்டால் குறுஞ்செய்தியைப் படிக்க முடிந்தவன் எவனும் கணக்கின் உரிமையாளனாகிவிடுவான். அந்த ஓட்டுநர் எவ்வளவு நல்ல கடவுச்சொல் வைத்திருந்தாலும் அன்றிரவு அது உதவியிருக்காது.

குறுஞ்செய்தி ஓ.டி.பி.யைவிட ஆதன்டிகேட்டர் செயலி மேலானது. அதில் 30 விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண் மாறும். அந்த எண் கைப்பேசிக்குள்ளேயே உருவாகிறது, குறுஞ்செய்தியாக வருவதில்லை. எனவே சிம் கார்டை நகலெடுத்தவனுக்கும் குறுஞ்செய்தியைத் திருடுபவனுக்கும் அது கிடைக்காது. ஆனால் போலி இணையதளத்தில் நீங்களே அந்த எண்ணைத் தட்டச்சு செய்தால், அது காலாவதியாவதற்குள் திருடன் உண்மையான தளத்தில் போட்டுவிடுவான். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையோ திரைப்பூட்டோ கொண்டு உள்ளே விடும் பாஸ்கீ என்னும் முறையில் அந்த ஆபத்து இல்லை. உண்மையான தளத்தின் முகவரியைத் தவிர வேறெங்கும் அது இயங்காது. உங்கள் செயலியில் இவை இரண்டும் இல்லாமல் இருக்கலாம். ஜிமெயில் போன்ற மின்னஞ்சலில் இருக்கும். முதலில் அங்கே போடுங்கள். இயக்கும்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் அந்தத் தாள்தான் உங்களை உள்ளே விடும்.

கடவுச்சொல் கேட்கும் தளங்களில் நடக்கும் களவு வேறு வகை. 2022 நவம்பரில் அமெரிக்காவின் டிராஃப்ட்கிங்ஸ் பந்தயத் தளத்தில் சுமார் 60,000 கணக்குகளுக்குள் வெளியாட்கள் நுழைந்தார்கள். தளத்தின் பாதுகாப்பை உடைத்து அவர்கள் உள்ளே வரவில்லை. வேறு தளங்களிலிருந்து கசிந்த மின்னஞ்சல், கடவுச்சொல் இணைகளை மென்பொருளால் வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடத்தில் வைத்தவர்களின் கணக்குகள் திறந்தன. பிறகு கணக்கில் பணம் செலுத்தவும் எடுக்கவும் புதிய வழி ஒன்றைச் சேர்த்து, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க 5 டாலர் செலுத்தி, இருப்பு முழுவதையும் அதே வழியில் எடுத்தார்கள். சுமார் 1,600 பேரிடமிருந்து ஏறத்தாழ 6 லட்சம் டாலர் போனது என்று வழக்கு ஆவணங்கள் சொல்கின்றன. இந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட இளைஞர் ஒருவருக்கு அப்போது வயது 18.

நீங்கள் போடாத சிறு தொகை ஒன்று கணக்கில் வரவாகியிருந்தால் அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள் என்று அதனால்தான் சொல்கிறேன். பெரிய தொகை வெளியேறுவதற்கு முந்தைய சோதனையாக அது இருக்கலாம். கேட்காத ஓ.டி.பி., தெரியாத கருவியிலிருந்து உள்நுழைவு, புதிதாகச் சேர்ந்த வங்கிக் கணக்கு ஆகியவையும் அப்படித்தான்.

கடவுச்சொல்லைப் பொறுத்தவரை நீளமும் தனித்தன்மையும் இருந்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வதை அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் கைவிட்டுவிட்டது. கடவுச்சொல் மட்டுமே காவலாக உள்ள இடத்தில் அதற்குக் குறைந்தது 15 எழுத்துகள் இருக்க வேண்டும் என்கிறது அதன் 2025 வழிகாட்டி. குழந்தையின் பெயருடன் பிறந்த ஆண்டு, குலதெய்வத்தின் பெயருடன் 123, ஊர்ப் பெயருடன் வண்டி எண் ஆகியவற்றை நம் பகுதியில் மிக அதிகமாகப் பார்க்கிறேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், ஊகிப்பதும் கடினம். பாட்டின் வரி வேண்டாம். அது நான்கு சொல்லாக இருந்தாலும் ஊருக்கே தெரிந்தது.

சந்தேகம் வந்த பிறகு செய்ய வேண்டியவற்றில் வரிசை முக்கியம். கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலிருந்து இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். பணம் சென்ற வங்கிக் கணக்கை முடக்குமாறு உரிய வங்கிக்குத் தகவல் போவது இந்த வழியில்தான். திருடன் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இங்கே ஓட்டுநருக்கு ஒரு தடை வந்தது. 1930இல் யூ.டி.ஆர். எண்ணைக் கேட்டார்கள்; ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண் அது. பணம் அவருடைய வங்கியிலிருந்து போகவில்லை. செயலியின் கணக்கிலிருந்து போனது. அந்த எண் அவரிடம் இருக்க வாய்ப்பே இல்லை. இப்படிப்பட்ட நிலையில் செயலியின் குறைதீர் பிரிவுக்கு வேறொரு மின்னஞ்சலிலிருந்து, பதிவு செய்த கைப்பேசி எண்ணைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். ‘கணக்கை உடனே முடக்குங்கள், எல்லா உள்நுழைவுகளையும் வெளியேற்றுங்கள், கடைசிப் பணமெடுப்பின் யூ.டி.ஆர். எண்ணையும் பெற்ற கணக்கின் விவரத்தையும் தாருங்கள். உள்நுழைவுப் பதிவுகளை அழிக்காமல் வையுங்கள்’ என்று நான்கையும் தெளிவாகக் கேளுங்கள். பெற்ற கணக்கின் விவரத்தை உங்களிடம் தர மறுத்தால், காவல்துறையிடம் தருமாறு எழுதுங்கள். அவருக்கு யூ.டி.ஆர். எண் மூன்றாம் நாள் கிடைத்தது. அதற்குள் அந்தக் கணக்கில் சிறு பகுதிதான் மிஞ்சியிருந்தது, அது முடக்கப்பட்டது.

அடுத்து உங்கள் வங்கி. அதன் அட்டையும் இணைய வங்கிச் சேவையும் முடக்கப்பட வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பிழை உங்களுடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாத மூன்றாம் தரப்பு மோசடியில், அந்தக் காலத்துக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதி. செயலிக்குள் கிடந்த இருப்புக்கு இந்த விதி பொருந்தாது.

அதன் பிறகு கைப்பேசி. வந்த செய்தி, கோப்பின் பெயர், அனுப்பிய எண், ஓ.டி.பி. செய்திகளின் நேரம் எல்லாவற்றையும் இன்னொரு கைப்பேசியால் படமெடுத்துக்கொண்டபின் தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டமையுங்கள். கள்ளச் செயலியை மட்டும் நீக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு செயலியையும் நிறுவியிருக்கலாம்.

சுத்தமான கருவியில் இப்போது மின்னஞ்சல். கடவுச்சொல்லை மாற்றுவதோடு, தெரியாத கருவிகளை வெளியேற்றி, மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவையா என்று பாருங்கள். ஜிமெயில் என்றால் கணினியில் திறந்து, வடிகட்டிகளும் முன்னனுப்பல் முகவரியும் உள்ள அமைப்புகளைப் பாருங்கள். கைப்பேசிச் செயலியில் அவை தெரியாது. உங்களுக்கு வரும் கடிதம் ஒவ்வொன்றும் தனக்கும் வரும்படி திருடன் அங்கே ஒரு வரி சேர்த்து வைத்திருந்தால், எத்தனை கடவுச்சொல் மாற்றினாலும் அவன் படித்துக்கொண்டே இருப்பான். விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லை இவையெல்லாம் முடிந்த பிறகே மாற்ற வேண்டும்.

cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மதுரை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி இணையக் குற்றக் காவல் நிலையங்கள் உள்ளன. பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் வரும். ஆட்டத்தில் சேர்ந்ததற்காக நம்மைப் பிடித்துவிடுவார்கள் என்று அஞ்சிப் பலர் காவல்துறைக்குப் போவதில்லை. மத்தியச் சட்டம் ஆடியவர்களுக்குத் தண்டனை வைக்கவில்லை. ஆனால் தமிழகத்தின் 2022 சட்டத்தில் சூதாட்டம் ஆடியவருக்கும் தண்டனைப் பிரிவு உண்டு. இன்றும் கிரிக்கெட் பந்தயத் தளங்களில் பணம் கட்டுபவர் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு எழுத்துப் புகாரைக் கொடுக்கட்டும். அதற்காக 1930 அழைப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்தத் தளங்களைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஐடியும் கடவுச்சொல்லும் அனுப்பித் தொடங்கும் கணக்குக்கு எந்தப் பாதுகாப்பும் சொல்லித்தர என்னால் முடியாது. கணக்கை உருவாக்கியவர் அவர். நீங்கள் கடவுச்சொல்லை மாற்றினாலும் அவர் தன் பக்கத்திலிருந்து மறுபடி மாற்ற முடியும், இருப்பைக் குறைக்கவும் முடியும். முறையிட இந்தியாவில் அலுவலகமோ குறைதீர் அதிகாரியோ இல்லை.

புகார் கொடுத்த சில நாட்களில், பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டு அழைப்பு வரலாம். ஓட்டுநருக்கும் வந்தது. அவர் கொடுக்கவில்லை. பான், ஆதார் விவரங்கள் போன பிறகு சில மாதங்களுக்குக் கடன் அறிக்கையையும் பார்க்க வேண்டும். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரும். நீங்கள் வாங்காத கடனோ, கேட்காத விண்ணப்ப விசாரணையோ அதில் இருந்தால் அந்த நிறுவனத்திடமும் கடன் கொடுத்தவரிடமும் மறுப்பை எழுத்தில் பதிவு செய்து, காவல் புகாரின் எண்ணை அதில் குறிப்பிடுங்கள்.