லோயர் தேர்ட்: தமிழில் பெயர்ப்பட்டை

டிவியில் ஒருவர் பேசத் தொடங்கியதும், நெஞ்சுக்குக் கீழே அவர் பெயரும் பதவியும் வந்து நிற்கும் அல்லவா, அதை எடிட்டர்கள் லோயர் தேர்ட் என்பார்கள். திரையை மேலிருந்து கீழாக மூன்று பங்காக்கினால் அடிப்பங்கில் வருவதால் அந்தப் பெயர். செய்தி அறைகளில் ஆஸ்டன் என்றும் சொல்வதுண்டு. திரையில் எழுத்துப் போடும் கருவிகளைச் செய்த பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயர் அது.

தமிழில் பெயர்ப்பட்டை என்றாலே போதும். இடத்தைச் சொல்லும் பெயர் செங்குத்து வீடியோவுக்குப் பொருந்தவும் செய்யாது. 1080-க்கு 1920 சட்டத்தில் அடிப்பங்குதான் எழுத்து வைக்கக் கூடாத இடம். ரீல்ஸில் கணக்கின் பெயர், விளக்க வரி, பாட்டின் பெயர் எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும். ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா சொல்லும் அளவு, அடியில் 35%, மேலே 14%, பக்கங்களில் 6% காலியாக இருக்க வேண்டும் என்பது. நமக்கும் அதே கணக்கு உதவும். 1920-இல் 35% என்றால் 672 புள்ளிகள். ஆக, பட்டையின் கீழ்விளிம்பு மேலிருந்து 1248-ஐத் தாண்டக் கூடாது.

கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகற்களைப் பற்றி ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரைப் பேச வைக்கிறோம் என்று வையுங்கள். அவர் எழுதித் தருவது 'ஓய்வுபெற்ற முதுகலை வரலாற்று ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி, கிருஷ்ணகிரி'. இதை அப்படியே போட்டால் மூன்று வரி ஆகி, பட்டை முகவாயில் முட்டும். முதல் வரியில் பெயர் மட்டும், அடுத்ததில் சற்றுச் சிறிய எழுத்தில் 'வரலாற்று ஆசிரியர் (ஓய்வு)'. பள்ளியும் ஊரும் விளக்க வரிக்குப் போகட்டும். வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்; ஆங்கில எழுத்துக்கு வைத்த அளவில் மேல்வரியின் 'ழு', 'கூ' கீழ்வரியின் புள்ளியோடும் 'ரி'யின் வளைவோடும் மோதும். வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படிக்கும் நேரம், ஏறத்தாழ நான்கு நொடி, நின்றால் போதும். அந்த நான்கு நொடியும் சப்டைட்டிலை நிறுத்தி வையுங்கள். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் சண்டை போடும்.

இதற்கெல்லாம் இடம் வேண்டுமென்றால் படமெடுக்கும்போதே கண்களை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்துவிட வேண்டும். முகத்தை நடுவில் வைத்து எடுத்த காட்சியில் பட்டை வாய்மேல்தான் விழும்.

சரி, ஆதாரக் குறிப்பு? அதைப் பெயர்ப்பட்டையில் சேர்க்காதீர்கள். நடுகல்லின் படம் திரையில் இருக்கும்வரை மட்டும், படத்தின் இடது மேல் மூலையில், 14% கோட்டுக்குக் கீழே ஒரே வரி. அங்கே எல்லாவற்றுக்கும் 'நன்றி' என்று போடுவது நம் பழக்கம். ஆனால் அது மட்டும் போதாது. ஒருவர் எடுத்த படத்தை அவர் அனுமதியோடு வாங்கிப் போட்டால் 'படம்' என்று அவர் பெயரும் வேண்டும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அனுமதி வாங்கி நீங்களே எடுத்திருந்தால் 'இடம்: அகழ்வைப்பகம், தருமபுரி' என்பதே சரி. கல்வெட்டு வாசகத்தை ஒரு நூலிலிருந்து எடுத்திருந்தால் 'ஆதாரம்' என்று நூலின் பெயரை மட்டும் போட்டு, பக்க எண்ணை விளக்க வரியில் கொடுக்கலாம்.