சாலினாய்டு, டொராய்டு: குழாயும் சும்மாடும்

வண்டி ஸ்டார்ட்டரிலும் வாஷிங் மெஷின் வால்விலும் இருக்கிற சாலினாய்டை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். சோலேன் என்றால் கிரேக்கத்தில் குழாய், ஓய்டு என்றால் அதன் வடிவம் கொண்டது. 1820களில் பிரெஞ்சு அறிவியலாளர் ஆம்பியர் உண்டாக்கிய சொல் இது. தமிழில் வரிச்சுருள் என்கிறோம், கம்பி வரிவரியாகச் சுற்றியிருப்பதைச் சொல்லும் நல்ல சொல்தான், ஆனால் குழாய் என்ற எண்ணம் அதில் விட்டுப்போகிறது. கணக்குப் போடும்போது அந்தக் குழாய்தான் கைகொடுக்கும், ஏனென்றால் நீளமான சுருளில் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் உள்ளே நேராக ஓடுகிறது, வெளியே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ஆம்பியரின் சுற்று விதி சொல்வது இதுதான்: ஒரு மூடிய பாதையைச் சுற்றிவந்து, பாதையின் திசையிலுள்ள புலத்தை நீளத்தால் பெருக்கிக் கூட்டினால், அந்தப் பாதைக்குள் அடைபட்ட மொத்த மின்னோட்டத்தை μ₀ என்ற காந்த மாறிலியால் பெருக்கிய அளவு வரும். சுருளின் சுவரை ஊடுருவி ஒரு செவ்வகம் வரையுங்கள். உள்ளே இருக்கும் பக்கம் மட்டும்தான் பங்களிக்கும். அதன் நீளம் h என்றால் B h = μ₀ n h I, h அடிபட்டுப் போக B = μ₀ n I. இங்கே B காந்தப்புலம், I கம்பியில் ஓடும் மின்னோட்டம், n என்பது ஒரு மீட்டருக்கு எத்தனை சுற்று என்பது, மொத்தச் சுற்று அல்ல. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

50 செ.மீ. நீளம், 2 செ.மீ. விட்டம், 400 சுற்று, 3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். n = 800, புலம் சுமார் 3.0 மில்லிடெஸ்லா. 400ஐ அப்படியே போட்டால் பாதிதான் வரும். ஆனால் சுருளின் முனையில் உண்மையாகவே பாதிதான், 1.5, ஏனென்றால் அங்கே ஒரு பக்கம் மட்டும்தான் சுருள் இருக்கிறது.

சரி, இதே சுருளை வளைத்து இரு முனைகளையும் சேர்த்தால் டொராய்டு. தோரஸ் என்றால் இலத்தீனில் புடைப்பு, மெத்தை, தூணின் அடியில் உருண்டு வரும் வளையம். வட்ட வரிச்சுருள் என்று புத்தகத்தில் எழுதினாலும், தண்ணீர்க் குடத்துக்குத் தலையில் வைக்கும் சும்மாடு என்று சொன்னால் எங்கள் வீட்டுப் பாட்டிக்கும் வடிவம் புரிந்துவிடும்.

இப்போது பாதை வட்டம். சும்மாட்டின் உடலுக்குள் ஆரம் r உள்ள வட்டம் 400 சுற்றுகளையும் அடைக்கும், ஆகவே B = μ₀ N I / 2πr. இங்கே N மொத்தச் சுற்று. நடு ஆரம் 8 செ.மீ. என்றால் அதே 3.0 மில்லிடெஸ்லா, ஏனென்றால் அந்த வட்டத்தின் சுற்றளவும் ஏறக்குறைய 50 செ.மீ. ஆனால் உள்விளிம்பில், 7 செ.மீ. ஆரத்தில், 3.4, வெளிவிளிம்பில், 9 செ.மீ. ஆரத்தில், 2.7. நேர்ச்சுருளில் இருந்த சீரான புலம் வளைத்ததும் போய்விட்டது, அதனால் எந்த ஆரத்தில் என்று சொல்லாமல் டொராய்டின் புலம் இவ்வளவு என்று எழுதுவது அரைகுறைப் பதில்தான்.

நடு ஓட்டையில் வரையும் வட்டம் எதையும் அடைக்காது, அங்கே இந்தப் புலம் சுழி. வெளியே வரையும் வட்டம் ஒவ்வொரு சுற்றையும் இரண்டு முறை, மேலே போகும்போதும் கீழே வரும்போதும், அடைக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயர்களில் டொராய்டு டிரான்ஸ்பார்மரை விரும்பிப் போடுவது இதனால்தான், புலம் வெளியே அதிகம் கசியாது, ஸ்பீக்கரில் இரைச்சல் குறையும்.