வகைக்கெழுத் தாவலா, வழித்தோன்றல் தொடர்பின்மையா?

‘வழித்தோன்றல் தொடர்பின்மை’ என்ற சொற்றொடரை இத்தோடு மூன்றாம் முறை படித்துவிட்டேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை அச்சுப் பிழையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவதாக ஒரு மாணவர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். சிலிக்கானில் ஓர் எலக்ட்ரான் பிணைப்பிலிருந்து விடுபட்டு ஓடத் தேவையான குறைந்த ஆற்றலை, அதாவது அதன் பட்டை இடைவெளியை, கணினியில் கணக்கிட்டால் பாதிதான் வருகிறது, அதற்குக் காரணம் இந்தத் ‘தொடர்பின்மை’ என்று ஏதோ ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் படித்திருக்கிறார். எதற்கும் எதற்கும் தொடர்பில்லை என்று கேட்டேன். “கணக்கிடும் புள்ளிகளுக்கு இடையேதான் சார், நெருக்கமாகப் போட்டால் சரியாகிவிடும்” என்றார். இரண்டு நாள் கணினியை ஓட்டியிருக்கிறார். விடை 0.6 எலக்ட்ரான் வோல்ட்டிலேயே நின்றது. நிற்கத்தான் செய்யும்.

மூலச் சொல் ‘டெரிவேட்டிவ் டிஸ்கன்டினியூட்டி’. டெரிவேட்டிவ் என்பதன் லத்தீன் வேர் ஓடையிலிருந்து வாய்க்கால் பிரித்துவிடுவதைக் குறிக்கும். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட ‘வழித்தோன்றல்’ அங்கிருந்து வந்திருக்கலாம். கணக்கில் அதற்கு நெடுநாளாக வகைக்கெழு என்ற சொல் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதில் எனக்கு வழக்கில்லை. வழக்கு இரண்டாம் பாதியோடுதான்.

தொடர்பு வேறு, தொடர்ச்சி வேறு. தொடர்பு இரண்டு பொருள்களுக்கு இடையே இருப்பது. தொடர்ச்சி ஒரே பொருள் அறுபடாமல் போவது. ஆகவே ‘தொடர்பின்மை’ வெறும் தவறு. ‘தொடர்ச்சியின்மை’ என்று திருத்திக்கொள்ளலாமே என்பீர்கள். இலக்கணப்படி சரி, பாடநூல்களிலும் உண்டு. ஆனால் இந்த இடத்துக்கு அதுவும் போதாது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பொருளுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

ஒரு பொருளில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கிடையாகவும், அதன் மொத்த ஆற்றலை நெடுக்காகவும் வைத்து ஒரு கோடு வரையுங்கள். இந்தக் கணக்கீடுகளுக்கு அடிப்படை, எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டே பொருளின் ஆற்றலைச் சொல்லும் அடர்த்திச் சார்பியக் கொள்கை. 1982இல் பெர்டியூ, பார், லெவி, பால்டஸ் நால்வரும் காட்டியது இது: தோராயம் கலக்காத சரியான கொள்கையில் அந்தக் கோடு ஒரு முழு எண்ணிலிருந்து அடுத்த முழு எண் வரை நேராகப் போகும், முழு எண் வந்ததும் முறியும். முறிவுக்கு இடப்பக்கச் சரிவு ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் செலவைச் சொல்கிறது. வலப்பக்கச் சரிவு ஓர் எலக்ட்ரானைச் சேர்த்தால் கிடைக்கும் ஆற்றலைச் சொல்கிறது. இரண்டு சரிவுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் பட்டை இடைவெளி. N எலக்ட்ரான்கள் இருக்கும்போது மொத்த ஆற்றல் E(N) என்றால், இடைவெளி Eg இப்படி வரும்:

```
Eg = E(N+1) + E(N-1) - 2E(N)
```

அதாவது இடைவெளி என்பதே சரிவின் ஒரு தாவல். அந்தத் தாவலில் ஒரு பங்கு, எலக்ட்ரான்களைத் தனித்தனியாக எடுத்துப் போடும் கணக்கீடு நேரடியாகத் தரும் கோன்–ஷாம் ஆற்றல் மட்டங்களின் இடைவெளியாகக் கிடைத்துவிடும். மீதிப் பங்கு, எலக்ட்ரான்களின் எளிய மின்விலக்கலுக்கு அப்பால் மிஞ்சும் பரிமாற்ற–ஒட்டுறவு ஆற்றலின் வகைக்கெழுவில் இருக்கிறது. நாம் பெயர் தேடுவது இந்த மீதிக்குத்தான். (ஒன்றையொன்று விலக்கி ஒதுங்கிப் போகும் எலக்ட்ரான்களின் நடத்தைக்கு ‘ஒட்டுறவு’ என்று பெயர் வைத்தவரோடு எனக்குத் தனிச் சண்டை இருக்கிறது. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.)

சரி, வழக்கமான தோராயங்கள் இந்த மீதியை ஏன் தவறவிடுகின்றன? ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் சுமார் 5×10²² அணுக்கள் உண்டு. அதில் ஒரே ஓர் எலக்ட்ரானைச் சேர்க்கிறோம். அது கட்டி முழுவதும் பரவிவிடும், எந்த இடத்திலும் அடர்த்தி மாறியதாகவே தெரியாது. எல்.டி.ஏ. என்ற தோராயம் ஓர் இடத்தின் மின்னழுத்தத்தை அந்த இடத்து அடர்த்தியை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கிறது. 1996இல் வந்த பி.பி.இ. அடர்த்தி எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் கூடவே பார்க்கும், அவ்வளவுதான். அடர்த்தி மாறவில்லை என்றால் இரண்டுக்கும் மின்னழுத்தமும் மாறாது. ஆனால் சரியான கொள்கையில், அந்த ஓர் எலக்ட்ரான் உள்ளே வந்ததும் கட்டி முழுவதும் மின்னழுத்தம் ஒரே அளவில் மேலே தாவுகிறது. பக்கத்தை மட்டும் பார்க்கும் தோராயத்துக்கு இந்தத் தாவல் கண்ணில் படவே படாது.

சிலிக்கானின் கணக்கைப் பாருங்கள். குறைந்த வெப்பநிலையில் அளந்த இடைவெளி 1.17 எலக்ட்ரான் வோல்ட். எல்.டி.ஏ. தருவது சுமார் 0.5. அப்படியானால் எல்.டி.ஏ.வின் மின்னழுத்தமே மோசமா? 1986இல் காட்பி, ஷ்லூட்டர், ஷாம் மூவரும் இதைத்தான் சோதித்தார்கள். எல்.டி.ஏ.வைவிடத் துல்லியமான மின்னழுத்தம் ஒன்றைக் கட்டி அதன் மட்டங்களைப் பார்த்தார்கள். அப்போதும் இடைவெளி சுமார் 0.66தான். மேலும் சுமார் 0.58 தாவலாக வந்து சேர்ந்தபோது மொத்தம் 1.24 ஆனது. குறையில் பெரும்பங்கு தோராயத்தின் கவனக்குறைவு அல்ல, தாவல் விடுபட்டதுதான் என்பது அங்கே தெளிந்தது. மாணவர் புள்ளிகளை நெருக்கியதில் பயன் இல்லாமல் போனதும் இதனால்தான். புள்ளியைக் கூட்டக் கூட்ட விடை அசையாமல் ஒரே இடத்தில் நின்று, படிகத்தில் அணு அடுக்கு திரும்பத் திரும்ப வரும் நீளமும் அளவீட்டோடு ஒரு சதவீதத்துக்குள் ஒத்துவந்து, இடைவெளி மட்டும் பாதியாக இருந்தால், குறை உங்கள் கணக்கீட்டில் இல்லை என்று அறியலாம். ஜெர்மானியத்தில் நிலைமை இன்னும் மோசம். 0.74 இருக்க வேண்டிய இடைவெளி கிட்டத்தட்ட மூடியே போய், குறைகடத்தி உலோகமாகத் தெரியும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். இந்த 0.58க்கு ‘தொடர்ச்சியின்மை’ என்று பெயர் வைத்தால், ‘தொடர்ச்சியின்மை 0.58 எலக்ட்ரான் வோல்ட்’ என்று எழுத வேண்டும். இன்மைக்கு ஏது அளவு? இல்லாத ஒன்றை எப்படிக் கூட்டுவது? ‘தாவல் 0.58’ என்றால் குழந்தைக்கும் புரியும். எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்ற கேள்வி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘துள்ளல்’ என்று ஒரு நண்பர் முன்வைத்தார். துள்ளினால் பழைய இடத்துக்கே திரும்பி விழ வேண்டும், இங்கே திரும்புவதில்லை. ‘முறிவு’ நல்ல சொல், ஆனால் அது ஆற்றல் கோட்டுக்கு உரியது. கோடு முறிகிறது, சரிவு தாவுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மறுபடியும் குழப்பம்தான்.

உலாவியின் மேலே இருக்கும் ‘டேப்’பையும் தாவல் என்றுதானே எழுதுகிறார்கள் என்று ஒருவர் மடக்கினார். உண்மைதான். ஆனால் அங்கே எதுவும் தாவுவதில்லை, நாம்தான் தாவுகிறோம். அந்தத் தவறான வாடகைதாரருக்காக வீட்டுக்காரரைக் காலி செய்யச் சொல்வது என்ன நியாயம்? முன்னால் ‘வகைக்கெழு’ ஒட்டிக்கொண்டு வரும்போது உலாவி யாருக்கும் நினைவுக்கு வராது.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குள்ள குறை சொல் தேர்வு அல்ல. தாங்கள் எழுதிய வாக்கியத்தைத் தாங்களே நம்பிப் பார்ப்பதில்லை. ‘தொடர்பின்மையால் இடைவெளி குறைகிறது’ என்று எழுதிவிட்டு, எப்படிக் குறையும் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் பேனா நின்றிருக்கும். தாவல் இருப்பதால் இடைவெளி குறையவில்லை. தாவல் விடுபடுவதால் குறைகிறது. சொல் தவறியதும் காரணமே தலைகீழாகிவிட்டது. அதே கட்டுரை, கலப்பினத் தோராயங்கள் ‘தொடர்பை மீட்கின்றன’ என்றும் சொல்கிறது. எச்.எஸ்.இ. போன்றவை துல்லியமான பரிமாற்றத்தில் கால் பங்கைக் குறுகிய தூரத்துக்குள் கலக்கின்றன. அதனால் தாவலின் ஒரு பகுதி ஆற்றல் மட்டங்களுக்குள்ளேயே வந்துவிடுகிறது, சிலிக்கான் 1.17க்கு வெகு அருகே போகிறது. மீட்கப்பட்ட தொடர்பு என்று அங்கே எதுவும் இல்லை.

மாணவரின் குறிப்பேட்டில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘வகைக்கெழுத் தாவல்’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்போ இதைக் கூட்டணுமா சார்?” என்று கேட்டார்.